பாதி வேலைக்குப் போனால் பென்ஷனும் பாதியா? வடசென்னை ஆலைத் தொழிலாளியின் கடைசி ஐந்து ஆண்டுக் கணக்கு

எண்ணூர் வார்ப்பாலையிலோ திருவொற்றியூர் உதிரிபாகப் பட்டறையிலோ முப்பது ஆண்டு நின்று வேலை செய்தவருக்கு 54, 55 வயதில் உடம்பு சொல்லும் சேதி ஒன்றுதான். முழங்கால் பிடிக்கிறது, இரவு ஷிஃப்ட் முடிந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை, உலையின் சூடு முன்போல் தாங்கவில்லை. அடியோடு நிற்கவும் முடியாது. மகள் கல்யாணக் கடன் இருக்கும், வீட்டுக் கடனில் இரண்டு மூன்று ஆண்டு பாக்கி இருக்கும். வாரத்தில் மூன்று நாள் வந்து, பழகிய வேலையை இளையவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது: "பாதி வேலைக்குப் போனா பென்ஷனும் பாதியாயிடுமே?"

சங்க அலுவலகங்களில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பாதியாகிவிடும், தொடாதே என்பவர் உண்டு. பி.எஃப். பென்ஷனே சில ஆயிரம்தான், அதில் போவதற்கு என்ன இருக்கிறது என்பவரும் உண்டு. இரண்டுமே சரியில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் பாதி வேலைக்கு மாறும் இருவரில் ஒருவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் போகலாம். மற்றவருக்கு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் கால் பங்கு குறையலாம். சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேலா கீழா, நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் கணக்கில் அந்தப் பாதி எப்படி எழுதப்படுகிறது, வயது 58-க்கு முன்பா பின்பா என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

சட்டத்தில் இல்லாத ஓய்வு

படிப்படியான ஓய்வு என்று ஒன்று இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் இல்லை. வேலையிலிருந்து ஓய்வுக்கு மெல்ல மாறும் வழிகளை நாடுகள் அமைத்துத் தர வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1980-லேயே மூத்த தொழிலாளர் குறித்த தன் 162-ஆம் பரிந்துரையில் சொன்னது. இங்கே அது விதியாக வடிவம் பெறவில்லை. இங்கே ஓய்வு ஒரு தேதி. முந்தின நாள் வரை முழு வேலை, மறுநாள் மாலை, சால்வை, செட்டில்மென்ட்.

ஆனால் சட்டத்தில் இல்லாதது நடப்பில் இருக்கிறது. முதல் வடிவம் விருப்ப ஓய்வு: ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே விலகுவது. இரண்டாவது, ஓய்வு பெற்ற கைதேர்ந்த தொழிலாளியை அதே ஆலை காண்ட்ராக்ட் மூலம் திரும்ப அழைப்பது. மூன்றாவது சிறு பட்டறைகளில் நடப்பது. முதலாளியும் தொழிலாளியும் வாய்வார்த்தையாகப் பேசி, வேலை நாளையோ நேரத்தையோ சம்பளத்தையோ குறைத்துக்கொள்வார்கள். மூன்றும் ஓய்வூதியக் கணக்கில் மூன்று விதமாக விழுகின்றன. பேசி முடிக்கும் நேரத்தில் அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்குக்காகத்தான்.

துறைமுகத்தை முதலில் சொல்லிவிட்டு நகர்கிறேன். சென்னைத் துறைமுகத்தின் பழைய நிரந்தர ஊழியர்களுக்கு மத்திய அரசு விதிகளை ஒட்டிய ஓய்வூதியம் உண்டு. அது கடைசிச் சம்பளத்தை, அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரியை, அடிப்படையாகக் கொண்டது. இப்படிப்பட்ட முறையில் ஓய்வுக்கு முன் சம்பளத்தைப் பாதியாக்கினால், எதிர் ஏற்பாடு எதுவும் இல்லையென்றால், பென்ஷன் நேரே பாதியாகிவிடும். முப்பது ஆண்டு உழைப்பை வெறும் பத்து மாதம் தீர்மானித்துவிடும். 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தவர்களின் நிலை நேர் எதிர். அவர்களுடையது சேமிப்பு நிதி முறை. பாதிச் சம்பளக் காலத்தில் நிதிக்குள் போகும் பணம் குறையும், அதுவரை சேர்ந்தது அப்படியே இருக்கும். கடைசி ஆண்டு முந்தைய ஆண்டுகளை இழுத்துக் கீழே தள்ளாது. அந்த வகையில் மட்டும் சேமிப்பு முறை படிப்படியான ஓய்வுக்கு இணக்கமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எண்ணூர் முதல் இராயபுரம் வரை உள்ள ஆலைகள், பட்டறைகள், கிடங்குகள் ஆகியவற்றில் வேலை செய்யும் பெரும்பாலோர் இந்த இரண்டிலும் இல்லை. அவர்கள் இருப்பது 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், பேச்சுவழக்கில் பி.எஃப். பென்ஷன்.

எழுபதால் வகுக்கும் கணக்கு

அந்தத் திட்டம் 1995 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் தொழிலாளிக்காகக் கட்டும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. பேசிக்கும் டி.ஏ.யும் சேர்ந்த தொகைதான் இதற்கான சம்பளம். ஆனால் முழுச் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் உச்சவரம்பு உண்டு: 2001 ஜூன் முதல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய்.

பென்ஷன் கணக்கு எளிது. சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்.

```
மாத ஓய்வூதியம் = சராசரிச் சம்பளம் × சேவை ஆண்டுகள் ÷ 70
```

இதில் சராசரி என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2014 செப்டம்பருக்கு முன் அது கடைசி 12 மாதச் சராசரி. அதன் பிறகு கடைசி 60 மாதச் சராசரி. கடைசி ஓராண்டில் சம்பளத்தை உயர்த்திக் காட்டி அதிகப் பென்ஷன் வாங்குவதைத் தடுப்பதாகச் சொல்லப்பட்ட இந்தத் திருத்தத்தைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2022 நவம்பர் 4-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 60 மாதச் சராசரியை ஏற்றுக்கொண்டது. நம் கேள்விக்கு இந்தத் திருத்தம் இரு முனையிலும் வேலை செய்கிறது. பழைய விதியில் கடைசி ஓராண்டு பாதிச் சம்பளத்துக்குப் போயிருந்தால் சராசரி பாதியாகியிருக்கும்; இப்போது அதே ஓராண்டு பத்து விழுக்காட்டைத்தான் குறைக்கும். ஆனால் பாதி வேலையின் நிழல் முன்பு ஓராண்டு நீளமாக இருந்தது, இப்போது ஐந்தாண்டு நீளத்துக்கு விழுகிறது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்குக்காக அமைத்த ஆள்தான். திருவொற்றியூரில் ஒரு சிறு உதிரிபாகப் பட்டறையில் 1998 செப்டம்பர் 1-இல் சேர்ந்தார். 2026 ஆகஸ்ட் கடைசியில் 58 நிறைகிறது. சேவை 28 ஆண்டு. பேசிக்கும் டி.ஏ.யும் சேர்ந்து 14,000 ரூபாய். ஐந்தாண்டில் சம்பளம் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம், கணக்கு தெளிவாகத் தெரியும். இருபது ஆண்டு முடித்து 58-இல் ஓய்வு பெறுபவருக்குச் சேவையில் இரண்டு ஆண்டு கூட்டித் தரும் சலுகை உண்டு. அதையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

இவருடைய சேவையை 2014 செப்டம்பரை வைத்து இரண்டாகப் பிரிப்பார்கள். அதற்கு முந்தைய 16 ஆண்டுக்கு 6,500 ரூபாய்தான் உச்சம். 16-ஐ 6,500-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 1,486 ரூபாய். பிந்தைய 12 ஆண்டுக்கு 14,000 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். மொத்தம் 3,886. கடைசி வரை முழு வேலை பார்த்தால் இவருக்குக் கிடைக்கும் தொகை இது.

இப்போது 54 வயதில், நான்கு ஆண்டு பாக்கியிருக்கும்போது, பாதி வேலைக்கு மாறுகிறார். மாதம் 7,000 ரூபாய். இதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதல் விதம், தினமும் வருகிறார், நான்கு மணி நேரம் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 7,000 என்று பதிவாகிறது. கடைசி 60 மாதத்தில் 12 மாதம் 14,000, 48 மாதம் 7,000. சராசரி 8,400 ரூபாய். முந்தைய 16 ஆண்டுப் பங்கு 6,500 உச்சத்தில் ஏற்கெனவே நிற்பதால் அது அசையாது. பிந்தைய 12 ஆண்டின் பங்கு 2,400-இலிருந்து 1,440-ஆக இறங்குகிறது. பென்ஷன் 2,926 ரூபாய். நான்கு ஆண்டுப் பாதி வேலை, அதற்கு முந்தைய எட்டு ஆண்டு முழு வேலையையும் சேர்த்து மலிவாக்கிவிட்டது. மாதம் 960 ரூபாய் இழப்பு. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது என்பதால், தொடக்கத்தில் விழுந்த பள்ளம் கடைசி வரை அப்படியே இருக்கும்.

இரண்டாவது விதம், ஒன்று விட்டு ஒரு நாள் வருகிறார், வந்த நாளில் முழு ஷிஃப்ட், முழு நாள் கூலி. கைக்கு வருவது அதே 7,000. நிறுவனம் பென்ஷன் நிதிக்குக் கட்டுவதும் மாதம் அதே 583 ரூபாய். ஆனால் மாதக் கணக்கில் சம்பளம் இல்லாத நாட்கள் தனிப் பத்தியில் ஏறுகின்றன. இ.சி.ஆர். என்று சொல்லப்படும் அந்த மாதாந்திரப் பட்டியலில் என்.சி.பி. நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு: பங்களிப்பு இல்லாத நாட்கள். அதில் 15 என்று எழுதினால் கணக்கு வேறு வழியில் போகிறது. திட்டத்தின் 11-ஆம் பத்தி இதைச் சொல்கிறது: 60 மாதத்துக்குள் சம்பளமில்லாத நாட்கள் இருந்தால், மொத்தச் சம்பளத்தை உண்மையில் சம்பளம் பெற்ற நாட்களால் வகுத்து, அதை 30-ஆல் பெருக்கிச் சராசரி காண வேண்டும். அப்படிச் செய்தால் சராசரி 14,000-இலேயே நிற்கும். சேவையில்தான் குறையும், நான்கு ஆண்டில் பாதி, அதாவது இரண்டு ஆண்டு போகும். பிந்தைய பங்கு 12 ஆண்டுக்குப் பதில் 10 ஆண்டுக்கு, 2,000 ரூபாய். மொத்தம் 3,486. இழப்பு 400 ரூபாய்.

அதே உழைப்பு, அதே சம்பளம், நிதிக்குப் போனதும் அதே பணம். ஆனாலும் இரண்டு பென்ஷனுக்கும் இடையே மாதம் 560 ரூபாய் வித்தியாசம். காரணம், ஒரு கட்டத்தில் 15 என்று எழுதியதும் எழுதாததும்தான். இரண்டாவது விதத்தின் இழப்பு நியாயமானது. பாதி உழைத்த காலத்துக்குப் பாதிப் பென்ஷன், முழுதாக உழைத்த காலத்துக்கு முழுப் பென்ஷன். முதல் விதத்தில் விதி பின்னோக்கிப் பாய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாள் கணக்கு முறை சேவையைக் குறைப்பதால், எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அது ஆபத்து. 58 வயதில் 21 ஆண்டு சேவை முடித்திருக்க வேண்டியவர் இப்படி இரண்டு ஆண்டை இழந்தால் 19-இல் நிற்பார். இருபது ஆண்டுக்கான இரண்டு ஆண்டுச் சலுகையும் சேர்ந்து போகும். இழப்பு நான்கு ஆண்டாகிவிடும். பென்ஷனுக்கே தகுதி தரும் பத்தாண்டு எல்லையில் இருப்பவருக்கு இன்னும் மோசம். சேவையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மிச்சமிருந்தால் முழு ஆண்டாக எடுப்பார்கள் என்ற சிறு சலுகையை நம்பி இந்த எல்லைகளில் விளையாடக் கூடாது.

15,000 ரூபாய்க் கூரை

மேலே சொன்னது உச்சவரம்புக்குக் கீழே இருப்பவரின் கதை. பெரிய ஆலையில் ஊதிய ஒப்பந்தங்களின் பலனாகப் பேசிக்கும் டி.ஏ.யும் சேர்ந்து 32,000 வாங்கும் ஒருவருக்கு நிலைமை தலைகீழ்.

பென்ஷன் நிதியின் பார்வையில் அவர் சம்பளம் எப்போதுமே 15,000தான். நான்கு மணி நேர வேலைக்கு மாறி 16,000 வாங்கினாலும் அது 15,000-க்கு மேல்தான். என்.சி.பி. நாட்கள் பூஜ்யம், சராசரி 15,000, சேவை முழுசு. மேலே சொன்ன அதே 28 ஆண்டுச் சேவைக்கு 4,057 ரூபாய் வரும். பாதி வேலைக்குப் போனாலும் அதே 4,057. ஒரு ரூபாய் குறையாது. இவர் போய் ஒன்று விட்டு ஒரு நாள் முறையைக் கேட்டால்தான் நஷ்டம். இரண்டு ஆண்டுச் சேவை குறைந்து, மாதம் 429 ரூபாய் இழப்பார்.

ஆகவே கூரைக்குக் கீழே இருப்பவருக்கு நாள் குறைப்பு நல்லது, வெகுவாக மேலே இருப்பவருக்கு நேரக் குறைப்பு நல்லது. நடுவில் இருப்பவர் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நாம் எடுத்த உதாரணத்தில், அதாவது 2014-க்குப் பின் 12 ஆண்டுச் சேவை, அதில் கடைசி நான்கு ஆண்டு பாதி வேலை என்றால், பாதிச் சம்பளம் ஏறக்குறைய 12,000-ஐத் தாண்டினால் நேரக் குறைப்பும், அதற்குக் கீழே என்றால் நாள் குறைப்பும் லாபம். உச்சவரம்பை அரசு உயர்த்தும்போது முழு நேரத் தொழிலாளிக்கு அது நல்ல சேதி. பாதி வேலைக்கு மாற நினைப்பவருக்கோ இந்தக் கூரை தந்த பாதுகாப்பு அந்த அளவுக்கு விலகிவிடும்.

இந்தப் பாதுகாப்பு அறவே இல்லாத ஒரு கூட்டம் உண்டு. உண்மைச் சம்பளத்துக்கே பென்ஷன் கேட்டு, 2022 தீர்ப்புக்குப் பின் கூட்டு விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கூரை கிடையாது. 50,000 வாங்கியவர் நான்கு ஆண்டு 25,000-க்குப் போனால் சராசரி 30,000-ஆக விழும். 2014-க்குப் பிந்தைய 12 ஆண்டுக்கான பங்கு மட்டுமே 8,571-இலிருந்து 5,143-ஆகிவிடும். பல லட்சம் ரூபாயை நிதிக்குத் திருப்பிக் கட்டி வாங்கிய உரிமையை இப்படி இழக்கக் கூடாது. இவர்கள் 58-க்கு முன் நேரக் குறைப்புக்குப் போகவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

விலகிவிட்டுக் காண்ட்ராக்டில் திரும்பும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 54-இல் ராஜினாமா செய்தவர் செட்டில்மென்ட் வாங்கிவிட்டதால் பென்ஷன் கணக்கும் அங்கேயே முடிந்தது என்று நினைக்கிறார். முடியவில்லை. பத்தாண்டுக்கு மேல் சேவை உள்ளவர் பென்ஷன் நிதியை எடுத்துவிட முடியாது. திட்டச் சான்றிதழ்தான் தருவார்கள். காண்ட்ராக்டர் புதிதாகப் பி.எஃப். கட்டத் தொடங்கியதும் பழைய சேவையும் புதிய சேவையும் ஒன்றாகச் சேர்கின்றன. அப்போது கடைசி 60 மாதம் என்பதில் 48 மாதம் காண்ட்ராக்டர் காட்டிய சம்பளம். அவர் 11,000 என்று காட்டினால், 15,000 கூரையில் இருந்தவரின் சராசரி 11,800-ஆகி, மாதம் சுமார் 550 ரூபாய் போய்விடும். இத்தனைக்கும் இவர் பாதி வேலைகூடப் பார்க்கவில்லை, முழு ஷிஃப்ட் பார்த்தார். 58-க்கு முன் விலகியவர் பி.எஃப். இல்லாத சொந்தத் தொழிலுக்குப் போயிருந்தால், பழைய சராசரி அப்படியே நின்று, அதுவரையிலான சேவைக்கு 58-இல் வெட்டில்லாத பென்ஷன் வந்திருக்கும்.

58 என்ற வாசல்

இந்தக் கணக்கு முழுவதையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் உறுப்பினர் காலம் 58 வயதோடு முடிகிறது. ஆலையின் ஓய்வு வயது 60 என்றாலும் திட்டம் 58-இல் நின்றுவிடும். அதற்குமேல் நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே போகும். வேலையில் இருந்துகொண்டே 10-டி படிவம் கொடுத்துப் பென்ஷன் வாங்கத் தொடங்கலாம்.

ஓய்வு வயது 60 என்றிருக்கும் ஆலையில் கடைசி இரண்டு ஆண்டைப் பாதி வேலையாக மாற்றிக்கொண்டால், பென்ஷன் தொகையை அது தொடவே தொடாது. சராசரியும் சேவையும் 58-இலேயே பூட்டப்பட்டுவிட்டன. பாதிச் சம்பளமும் முழுப் பென்ஷனும் ஒரே நேரத்தில் வரும். உலகம் படிப்படியான ஓய்வு என்று எதைச் சொல்கிறதோ, அதற்கு நம் விதிகளில் மிக அருகில் இருப்பது இந்த இரண்டு ஆண்டு ஏற்பாடுதான். பென்ஷனை 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும் என்ற வசதியும் 2016 முதல் உண்டு. தள்ளிப்போடும் காலத்தில் பங்களிப்பைத் தொடர்வதா வேண்டாமா என்று கேட்பார்கள். பாதி வேலையில் இருப்பவர் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். தொடர்ந்தால் பாதிச் சம்பளம் சராசரிக்குள் நுழைந்துவிடும்.

58-க்கு முன் இந்த வழி அடைபட்டது. 50 வயது முதல் குறைத்த பென்ஷன் வாங்கலாம் என்ற விதி வேலையை விட்டவருக்குத்தான். அதிலும் 58-க்கு எத்தனை ஆண்டு குறைவோ, ஆண்டுக்கு 4 விழுக்காடு வெட்டு உண்டு. வேலை பாதி, பென்ஷன் பாதி என்று 55-இல் கேட்க இடமில்லை.

கிராஜுவிட்டியில் விழும் அடி

பென்ஷன் குறையவில்லை என்று 32,000 சம்பளக்காரர் நிம்மதியாக இருக்கக் கூடாது. அவருக்கு அடி வேறு இடத்தில் விழுகிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டது. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்குவார்கள். 28 ஆண்டுக்கு, 32,000 என்றால் சுமார் 5,17,000 ரூபாய். கடைசிச் சம்பளம் 16,000 என்றால் சுமார் 2,58,500. பாதி நேரம் வேலை செய்தது சில ஆண்டுதான். 28 ஆண்டின் கொடையும் பாதியாகிவிடுகிறது. பென்ஷனுக்காவது 60 மாதச் சராசரி இருக்கிறது, இதற்கு எந்தச் சராசரியும் இல்லை.

இதற்கான மருந்து 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வேலையில் ஊனமுற்றுக் குறைந்த சம்பளத்தில் தொடர்பவருக்கு, ஊனத்துக்கு முந்தைய காலத்துக்கு முந்தைய சம்பளத்திலும், பிந்தைய காலத்துக்குக் குறைந்த சம்பளத்திலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று 4-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சொன்னது. காலத்தை இரண்டாக வெட்டிக் கணக்கிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐம்பது ஆண்டுக்கு முன்பே சட்டத்துக்குத் தெரிந்திருந்த இந்த நியாயம் வயதாகி உடம்பு தளர்ந்தவருக்கு நீட்டப்படவில்லை. ஆனால் அதே பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, ஒப்பந்தத்தின் மூலம் இதைவிட நல்ல நிபந்தனைகளைப் பெறும் உரிமையைக் காத்தது. நிறுவனம் மனது வைத்தால் முழுநேரச் சம்பளத்துக்கே கொடை தரலாம் என்று எழுதிக்கொள்ளத் தடையில்லை.

மற்ற நாடுகள் எங்கே வெட்டுகின்றன

வெளிநாட்டு ஏற்பாடுகளில் நமக்குப் பயன்படுவது ஒரே ஒரு கேள்விக்கான விடைதான்: பாதி வேலைக் காலத்தின் சம்பளத்தை அவர்கள் எந்த மதிப்பில் எழுதுகிறார்கள்?

ஜெர்மனியின் 1996-ஆம் ஆண்டு மூத்தோர் பகுதிநேர வேலைச் சட்டத்தின்படி, நிறுவனம் பாதிச் சம்பளத்துக்கு மேல் குறைந்தது 20 விழுக்காடு கூட்டித் தர வேண்டும். ஓய்வூதியத்துக்கோ முழுச் சம்பளத்தின் சுமார் 90 விழுக்காட்டுக்கு இணையாகப் பங்களிக்க வேண்டும். அங்கேயும் ஒரு கோணல் உண்டு. பலர் காலத்தின் முதல் பாதியில் முழு வேலை செய்துவிட்டு, மறு பாதியில் வேலைக்கே வராமல் இருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்; படிப்படியான ஓய்வு முன்கூட்டிய ஓய்வாக மாறிவிட்டது. நெதர்லாந்தின் தலைமுறை ஒப்பந்தங்களில் 80-90-100 என்ற சூத்திரம் புழங்குகிறது: 80 விழுக்காடு வேலை, 90 விழுக்காடு சம்பளம், 100 விழுக்காடு ஓய்வூதியச் சேர்ப்பு. அமெரிக்க மத்திய அரசு 2012-இல் சட்டம் இயற்றி, 2014-இல் விதி வகுத்தது. ஊழியர் பாதி நேரம் வேலை செய்து பாதி ஓய்வூதியம் வாங்கலாம். இறுதிக் கணக்கில் சராசரிச் சம்பளத்தை முழுநேர விகிதத்திலேயே எடுத்து, சேவையில் மட்டும் விகிதம் போடுவார்கள்.

அமெரிக்க முறையைப் பாருங்கள். நம் திட்டத்தின் 11-ஆம் பத்தி நாள் கணக்குக்குச் சொல்வதும் அதுவேதான்: சம்பளத்தை முழு விகிதத்தில் எடு, சேவையைக் குறை. ஆக, நியாயமான விதி நம்மிடமே இருக்கிறது. அது நாள்முறைக்கு மட்டும் பொருந்துகிறது, நேரமுறைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான் குறை. அதே 11-ஆம் பத்தியில் இன்னொரு வரம்புரையும் உண்டு. கடைசி 60 மாதத்தில் முழுச் சம்பளம் பெறாதவருக்கு, அதற்கு முன் முழுச் சம்பளம் பெற்ற 60 மாதத்தின் சராசரியை எடுக்க வேண்டும் என்கிறது. நான்கு மணி நேர வேலைக்கு ஒப்புக்கொண்டவரை முழுச் சம்பளம் பெறாதவர் என்று படிப்பதா, அவருக்கு 7,000தான் முழுச் சம்பளம் என்று படிப்பதா? சம்பளச் சீட்டில் முழுநேர விகிதம் 14,000 என்றும், அதில் பாதி வழங்கப்பட்டது என்றும் எழுதியிருந்தால் தொழிலாளிக்கு வாதிட இடமுண்டு. வெறுமனே 7,000 என்று எழுதியிருந்தால் அந்த இடமும் இல்லை.

ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமல்ல, ஒரு சுற்றறிக்கை. 50 வயதுக்குப் பின் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் நேரத்தைக் குறைத்துக்கொண்டவருக்கு, அவர் விரும்பினால், குறைந்த நேரத்தைப் பங்களிப்பில்லாத நாட்களாக மாற்றி எழுதலாம் என்று அனுமதித்தால் போதும். நிதிக்கு இதனால் எதிர்பாராத சுமை எதுவும் வராது. இன்றைக்கே ஒன்று விட்டு ஒரு நாள் வருபவருக்குத் தரும் பென்ஷன்தான் அது. தொழிற்சங்கங்களும் ஊதிய ஒப்பந்தப் பேச்சில் போனஸ், படி என்பதோடு இதையும் வைக்க வேண்டும். பாதி வேலையைக் கேட்பது ஆட்குறைப்புக்கு வழிவிடும் என்ற அவர்களின் அச்சம் வெறும் கற்பனையல்ல. ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்வார்த்தையாக நடப்பதுதான் உண்மையில் அந்த வழியைத் திறந்துவிடுகிறது.

அதுவரை, இந்த வட்டாரத்தில் பாதி வேலைக்கு மாற நினைக்கும் எவரும் கையெழுத்துப் போடும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் நிதிக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள்; 1,250 என்றிருந்தால் நீங்கள் கூரையில் இருக்கிறீர்கள், அதற்குக் கீழே என்றால் ஒவ்வொரு ரூபாய்க் குறைப்பும் சராசரியைத் தொடும். 58-க்கு எத்தனை மாதம் இருக்கிறது, சேவை இருபதைத் தாண்டி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டியை எந்தச் சம்பளத்தில் கணக்கிடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாறிய முதல் மாதமே நிறுவனத்திடம் இ.சி.ஆர். நகலைக் கேட்டு, என்.சி.பி. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அந்தக் கட்டம் தப்பாக இருந்தால் முதல் மாதத்தில் திருத்துவது எளிது. 48 மாதம் கழித்து, பட்டறையே மூடியிருக்கும் நிலையில், திருத்துவது மிகக் கடினம்.